படத்துக்குக் கீழே இரண்டு வரி: 1996 பத்தாம் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் குழுவில் நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் நடந்த ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நம்மைப் போல எத்தனையோ பள்ளி செட்டுகள் இப்படிக் குழு வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் கல்யாணத்தையும் பேரப்பிள்ளைகளின் காதுகுத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. அவர்களிலும் என்னைப் போல ஒருவர் இருப்பார். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

என் கண் விஷயம் உங்களில் பாதிப் பேருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பள்ளியில் படிக்கும்போதே சாயங்காலம் ஆனால் எனக்குத் தடுமாற்றம் வரும், ஞாபகம் இருக்கிறதா? சைக்கிளை உருட்டிக்கொண்டே வருவேன். அது விழித்திரை நோய். முதலில் இருட்டில் தெரியாமல் போகும், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். முப்பது வயதில் அச்செழுத்து போய்விட்டது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். போனை டாக்பேக் வைத்துப் பயன்படுத்துகிறேன். திரையில் விரலைத் தள்ளத் தள்ள, அங்கே இருப்பதைத் தமிழ்க் குரலில் அது படித்துச் சொல்லும். எழுத்தாக இருந்தால் எதையும் படிக்கும். படம் வந்தால் அதோடு ஒட்டியிருக்கிற விளக்கத்தைப் படிக்கும். விளக்கம் இல்லை என்றால் என் போனில் அதற்குச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இருக்காது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். நம்மோடு படித்த தோழி ஒருத்தி ஃபேஸ்புக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். படத்துக்கு மேலே அவள் எழுதியிருந்தது ஒரே வரி: "இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை வருஷம்." பக்கத்தில் வரிசையாகச் சிவப்பு இதயங்கள். விரலைத் தள்ளிப் படத்துக்குப் போனேன். "May be an image of 2 people and people smiling" என்றது போன். இரண்டு பேர், சிரிக்கிறார்கள். அவ்வளவுதான்.

பின்னூட்டங்களைக் கேட்டேன். "கண் கலங்கிடுச்சுடி" என்று ஒருத்தி. "தொப்பி அம்மாவுக்குத்தான் எடுப்பா இருக்கு" என்று இன்னொருத்தி. "பாப்பா குனிஞ்சு நிக்கிறதைப் பார்த்தாலே போதும்" என்று மூன்றாவதாக ஒருவன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தொப்பி என்றதும் பிறந்தநாள் போல என்று நினைத்தேன். "பாப்பாவுக்கு பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது என் மகனிடம் அந்தப் படத்தைக் காட்டி என்ன என்று கேட்டேன். அவன் சாப்பாட்டுக் கையோடு எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, அப்புறம் சொன்னான்.

கல்லூரி வாசல் படி. மகள் நர்சிங் முடித்துப் பட்டம் வாங்கிய நாள். பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் மகள் மேலே இல்லை, அம்மா மேலே இருக்கின்றன. மகள் குனிந்து, அம்மாவின் கழுத்தில் அங்கியைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். "அத்தை சிரிக்கல அப்பா, அழப்போறாங்க" என்றான்.

அவள் கணவர் போன பிறகு வீட்டுத் திண்ணையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தவள். அந்த மிஷின் வாங்கிய வருஷம் எனக்குத் தெரியும். ஊரில் எல்லோரும் பார்த்துக் கண் கலங்கிய நேரத்தில் நான் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருக்கிறேன். மறுநாள் அழித்துவிட்டுச் சரியாக எழுதினேன். ஆனால் அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவளோடு சேர்ந்து அந்த நிமிஷத்தில் இருக்க எனக்குக் கிடைக்கவில்லை. வருத்தம் அதுதான்.

தப்பு அவள் மேல் இல்லை. சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் படமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைத்துத்தான் ஒரு வரி எழுதுவார்கள். நம் குழுவில் வருகிற முக்கால்வாசி நல்ல செய்திகளும் அப்படித்தான். "கடைசியில் நடந்துவிட்டது" என்று எழுதி வீட்டுச் சாவியின் படம். "நாங்கள் இப்போது மூன்று பேர்" என்று எழுதி ஒரு குட்டிக் கையின் படம். சேதி படத்துக்குள் இருக்கிறது, எழுத்தில் இல்லை. சாதாரண நாளில் போடுகிற டீக்கடைப் படத்துக்கு விளக்கம் இல்லாவிட்டால் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இந்த மாதிரி நாட்களில்தான் வெளியே நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

ஃபேஸ்புக் தானாகவே ஏதோ சொல்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அந்த வசதி 2016-ல் வந்தது. ஆள் எத்தனை, வீட்டுக்குள்ளா வெளியிலா, மரம் இருக்கிறதா, சாப்பாடு இருக்கிறதா என்கிற அளவில் சொல்லும். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் "May be" என்று அதுவே தயங்கித்தான் ஆரம்பிக்கிறது. அழப்போகிற முகத்தைச் சிரிப்பு என்று சொன்னதை நீங்களே பார்த்தீர்கள். சரியாகச் சொல்லியிருந்தாலும் அது அம்மா என்றோ, அங்கி யாருடையது என்றோ அதற்குத் தெரிய வழியில்லை. அது படம் போடுகிறவருக்குத்தான் தெரியும்.

அந்தப் படத்துக்கு என்ன எழுதியிருக்கலாம் என்று பிறகு அவளும் நானும் போனில் உட்கார்ந்து பார்த்தோம். அவள் முதலில் சொன்னது: "மகளின் பட்டமளிப்பு விழாப் படம்." இதனால் எனக்குப் பிறந்தநாள் குழப்பம் தீர்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் தொப்பி யார் தலையில் என்பது வரவில்லை. எல்லோரும் எதைப் பார்த்துக் கலங்கினார்களோ அது விட்டுப்போயிற்று. சரி என்று இரண்டாவதாக அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டடத்தின் நிறம், இரண்டு பக்கமும் பூந்தொட்டி, பின்னால் நிற்கிற ஸ்கூட்டி, கல்லூரிப் பலகை, யாரோ ஒருவரின் கால். அன்போடு சொன்னாள், ஆனால் கேட்கும்போது முக்கியமானது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. படத்தோடு ஒட்டிய விளக்கத்தை டாக்பேக் ஒரே மூச்சில் படிக்கும். நடுவில் ஒரு சொல் தவறினால் பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்து மறுபடி கேட்க வேண்டும். அதனால் நீளம் எங்களுக்கு உதவாது.

நான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அன்றைக்கு எத்தனையோ படம் எடுத்திருப்பாய், இதை ஏன் போட்டாய்?" அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள். அந்தப் பதிலிலிருந்து வந்தது இது:

"கல்லூரி வாசல் படியில் நானும் மகளும். அவளுடைய கறுப்புப் பட்டமளிப்பு அங்கி என் தோளில், தொப்பி என் தலையில் கொஞ்சம் சாய்ந்து இருக்கிறது. அவள் மஞ்சள் சுடிதாரில் குனிந்து அங்கியின் கழுத்தைச் சரிசெய்கிறாள். நான் சிரிக்கவில்லை, அழப்போகிற முகம்."

முப்பது சொல்லுக்குள் முடிந்துவிட்டது. யார், எங்கே, என்ன நடக்கிறது, இந்தப் படத்தை எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள், எல்லாம் இதில் வந்துவிட்டது. "இந்தப் படத்தில்" என்று தொடங்கத் தேவையில்லை, படம் என்பதை டாக்பேக்கே சொல்லிவிடும். மேலே எழுதிய வரியைத் திரும்பச் சொல்லவும் வேண்டாம், அதை ஏற்கெனவே கேட்டிருப்போம். "நெகிழ்ச்சியான தருணம்" என்று எழுதினால் எனக்கு எதுவும் தெரியாது. அங்கி யார் தோளில் என்று எழுதினால் நெகிழ்ச்சி தானாக வந்துவிடும். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போடும் படமாக இருந்தால் குழந்தைகளின் பெயரை விட்டுவிடலாம். "மகள்", "பேரன்" என்பதே எனக்குப் போதும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. நம் நண்பன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான், "மஞ்சள், பச்சைன்னு எழுதினா உனக்குக் கஷ்டமா இருக்காதாடா?" இருக்காது. முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன், மஞ்சள் என்றால் மஞ்சள் எனக்குள் வந்துவிடும். பிறவியிலேயே பார்வை இல்லாத என் அலுவலக நண்பர், தீபாவளிக்கு மனைவிக்குச் சேலை எடுக்கும்போது நிறத்தையும் கரையையும் கடைக்காரரிடம் நாலு தடவை கேட்டுத்தான் எடுப்பார். நிறத்தைப் பற்றித்தான் வீட்டில் எல்லோரும் பேசப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் பார்ப்பதை நீங்கள் பார்க்கிற மாதிரியே எழுதுங்கள்.

இப்போது எங்கே எழுதுவது என்று பார்ப்போம். ஃபேஸ்புக்கில் படம் போட்ட பிறகு, அந்தப் படத்தைத் தனியாகத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டால் "Edit alt text" என்று இருக்கும், படத்தோடு ஒட்டுகிற விளக்கத்துக்குத்தான் alt text என்று பெயர். அங்கே தானாக வந்த வரி இருக்கும். அதை எடுத்துவிட்டு உங்கள் வரியைப் போட்டுச் சேமித்தால் போதும். உங்கள் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள் என்றால், பதிவின் மூன்று புள்ளி, "Edit", பிறகு படத்தின் மேலேயே "Edit alt text" என்று வரும். ஒரே பதிவில் பத்துப் படம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். பத்துக்கும் எழுதச் சொல்லவில்லை. முதல் படத்துக்கும் முக்கியமான இன்னும் இரண்டுக்கும் எழுதிவிட்டு, "மீதி எல்லாம் மேடையில் உறவினர்களோடு எடுத்தவை" என்று மேலே ஒரு வரி போட்டால் எனக்கு முழுக் கதையும் கிடைத்துவிடும். படத்தை யாராவது இறக்கி வேறு இடத்தில் போட்டால் இந்த விளக்கம் கூடவே போகாது, அங்கே மறுபடி எழுத வேண்டும். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வாட்ஸ்அப் வேறு மாதிரி. அங்கே இதற்கென்று தனிக் கட்டம் கிடையாது. படம் அனுப்பும்போது அடியில் எழுதுகிற இடம் இருக்கிறதே, அதில்தான் எழுத வேண்டும். எங்களுக்கு அது நல்லதுதான். "பட விளக்கம்:" என்று போட்டுத் தொடங்கினால் எது உங்கள் பேச்சு, எது படம் என்று குழம்பாது. நாலைந்து படத்தைச் சேர்த்து அனுப்பினால் விளக்கம் ஒரு படத்தோடுதான் நிற்கும். அதனால் எல்லாம் அனுப்பியபிறகு தனிச் செய்தியாக எழுதுவது மேல். எழுதிய வரியில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் பதினைந்து நிமிஷத்துக்குள் திருத்தலாம். எழுதவே மறந்துவிட்டாலோ, அந்த நேரம் தாண்டிவிட்டாலோ, அந்தப் படத்துக்கே பதில் அனுப்புகிற மாதிரி விளக்கத்தை எழுதுங்கள். இதை அனுப்பியவர்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. பார்த்த யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டாமல் தமிழிலேயே எழுதினால் இன்னும் நல்லது. "ponnu kalyanam mudinjathu" என்று எழுதியதைக் குரல் ஆங்கிலம் என்று எண்ணிப் படிக்கும்போது எதுவும் புரிவதில்லை. பெயரை அலங்கார எழுத்தில் போடுகிறீர்களே, வளைந்து வளைந்து வருகிறதே, அது எங்களுக்கு இன்னும் சிரமம். பார்க்க அழகான ஆங்கில எழுத்து போல இருக்கும். ஆனால் உள்ளே அவை கணிதக் குறியீடுகள். சில சமயம் ஒவ்வொரு எழுத்துக்கும் "கணிதத் தடித்த சாய்வு" என்று நீட்டி முழக்கும், சில சமயம் ஒன்றுமே சொல்லாமல் தாண்டிப்போகும். பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை அப்படி ஒரு முறை தவறவிட்டிருக்கிறேன்.

பத்திரிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வயதில் இனி மாதம் ஒரு கல்யாணம் இருக்கும். தை மாதம் நம் நண்பன் ஒருவன் மகள் கல்யாணப் பத்திரிகையை பிடிஎஃப்பாக அனுப்பினான். பிடிஎஃப் என்றதும் எனக்குச் சந்தோஷம், எழுத்தாக இருக்கும், படித்துவிடலாம் என்று. திறந்ததும் குரல் படித்தது இதை:

```
jpUkz miog;gpjo;
```

அது "திருமண அழைப்பிதழ்". டிடிபி கடைகளில் பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடிப்பார்கள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை பரவலாகும் முன்பு வந்தது அது. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அவற்றுக்குத் தமிழ் வடிவம் மட்டும் போர்த்தியிருக்கும். கண்ணுக்குத் தமிழ், காதுக்கு அர்த்தமே இல்லாத ஆங்கிலம். மணமக்கள் பெயர், மண்டபம், முகூர்த்தம் எல்லாமே இப்படித்தான் வந்தது. அதையே ஜேபெக் படமாக அனுப்பினால் கூகுள் லென்ஸ் வைத்து எழுத்தைப் பிடிக்கப் பார்க்கலாம். நேரான எழுத்தை ஓரளவு சரியாகவே படிக்கிறது. சிவப்பு அட்டையில் தங்க நிறத்தில் சுழித்து அச்சடித்திருந்தால் தடுமாறும். ஒரு முறை தேதியில் 8-ஐ 3 என்று படித்துவிட்டது. நல்லவேளை, கிழமை பொருந்தவில்லை என்று கவனித்துக் கேட்டுக்கொண்டேன்.

இதற்கு வழி சுலபம். பத்திரிகைக்குக் கீழே இவ்வளவு தட்டினால் போதும்: யார் மகளுக்கு யார் மகன், தேதி, கிழமை, முகூர்த்த நேரம், மண்டபம், எந்த பஸ் நிறுத்தம். பத்திரிகையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடுகிற நம் மற்ற நண்பர்களுக்கும் இது உதவுகிறது என்று அவர்களே சொன்னார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம், எல்லோருக்கும் கண்ணாடி வந்துவிட்டது. தோழிகள் இரண்டு பேர் ஏற்கெனவே இப்படித்தான் அனுப்புகிறார்கள். முதல் தடவை அது வந்தபோது நான் யாரையும் கேட்காமல் தேதியைப் போனில் குறித்துக்கொண்டேன், நேரத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன்.

எழுதியது சரியாகப் பதிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபேஸ்புக்கில் அதே "Edit alt text" பக்கத்தை மறுபடி திறந்தால் உங்கள் வரி இருக்க வேண்டும். கேட்டே பார்க்க வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அமைப்புகளில் டாக்பேக்கை இயக்கலாம். இயக்கியதும் போன் வேறு விதமாக நடந்துகொள்ளும், பயப்பட வேண்டாம். ஒரு தடவை தொட்டால் படிக்கும், இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும். அதற்கான குறுக்குவழியை முன்பே இயக்கி வைத்திருந்தால், ஒலி கூட்டுகிற குறைக்கிற இரண்டு பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தி நிறுத்திவிடலாம். உங்கள் படத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். அதெல்லாம் சிரமம் என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், கேட்டுச் சொல்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் மே மாதச் சந்திப்பு. பள்ளியை விட்டு முப்பது வருஷம் ஆகிறது. அன்றைக்கு நிச்சயம் 1996 குரூப் போட்டோவை எடுத்துப் போடுவீர்கள், அதே வேப்ப மரத்தடியில் அதே வரிசையில் நின்று புதிதாக ஒன்றும் எடுப்பீர்கள். குரூப் போட்டோவுக்குப் படத்தோடு ஒட்டிய கட்டத்தில் ஒரு வரி போதும்: எத்தனை பேர், எங்கே, எத்தனை வரிசை. பெயர்களைப் பதிவின் உள்ளே வரிசை வாரியாக எழுதுங்கள், மேல் வரிசை இடமிருந்து வலம் என்று, ஒவ்வொரு வரிசைக்கும் தனி வரி. அப்படி எழுதினால் நான் வரி வரியாக நிறுத்திக் கேட்க முடியும், யார் பக்கத்தில் யார் என்று திரும்பிப் போயும் பார்க்க முடியும்.

பழைய படத்துக்கு நீங்கள் எழுத வேண்டியதில்லை. அதை நானே எழுதித் தருகிறேன். அப்போது எனக்குக் கண் தெரிந்தது. கணக்கு வாத்தியார் நாற்காலியில் நடுவில், மடியில் கறுப்புக் குடை. இரண்டாம் வரிசையில் இடமிருந்து நாலாவது நான், தோளில் கை போட்டிருப்பது யார் என்று அவனுக்கே தெரியும். கீழ் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஏழு பெண்களில் கண்ணை மூடிவிட்டவள் யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது. புதிய படத்தில் அவர்கள் எல்லோரும் இப்போது எப்படி இருக்கிறார்கள், யாருக்கு நரைத்திருக்கிறது, யார் யாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், யார் வராத இடம் காலியாக இருக்கிறது என்பதை நீங்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
இரண்டாம் வரிசையில் நாலாவதாக நிற்கிறவன்